பத்தாயிரத்தில் ஒன்று



ரொறன்ரோவில் கோடை தொடங்கும்போது எங்கள் வட்டத்தில் ஐம்பது வயதைத் தொட்டவர்கள் பலர் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நகரத்துக்கு வடக்கே ஒரு சிறிய விமானத் தளம் இருக்கிறது. அங்கே பயிற்சியாளர் ஒருவரோடு சேர்த்துக் கட்டி, பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து குதிக்க விடுவார்கள். "ஒருக்காவாவது உயிரைப் பணயம் வைச்சுப் பாக்க வேணும்" என்றாள் பாடசாலைக் காலத்துத் தோழி ஒருத்தி. நான் போகவில்லை. அந்தக் கோடையில் எனக்கு வேறொரு ஏற்பாடு இருந்தது. என் இடது சிறுநீரகத்தை முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன்.

இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு என் தோழிகளைத் திகைக்க வைத்தது. அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் அந்த நாட்டில் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகள் நடந்தன. இறந்தவர்கள் 10 பேர். பத்து இலட்சம் குதிப்புக்கு ஏறக்குறைய மூன்று மரணம். சிறுநீரகம் கொடுப்பதிலோ, அதற்கு முந்திய பத்தாண்டுத் தரவுகளை வைத்து 2024இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, சத்திரசிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குள் இறப்பவர்கள் பத்தாயிரத்துக்கு ஒருவர் அளவில் இருக்கிறார்கள். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அது பத்தாயிரத்துக்கு மூன்று. ஆகவே, ஆகாயத்திலிருந்து ஒருமுறை குதிப்பதை விட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுப்பது ஏறக்குறைய முப்பது மடங்கு ஆபத்து. குதிப்பவரின் வயிறு கலங்குகிறது, காது அடைக்கிறது, படம் எடுக்கிறார்கள். அதனால் அது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. மற்றதில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு ஆரவாரமே இல்லை.

இது எப்படித் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். என் தம்பியின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. மச்சாள் வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணிநேரம், டயலிசிஸ் நாற்காலியில் இருந்தாள். முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்று முழுவதும் படுக்கைதான். தண்ணீர் அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழமும் இளநீரும் பொட்டாசியத்தால் விலக்கு. தம்பிக்குச் சலரோகம் என்பதால் அவனால் கொடுக்க முடியாது என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்து முன்வந்தவள் அவர்களுடைய மூத்த மகள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.

மகளின் இரத்த வகை பொருந்தியது. ஆனால் தாயின் குருதியையும் மகளின் வெண்குருதிக் கலங்களையும் கலந்து பார்க்கும் சோதனையில் எதிர்ப்பு வந்தது. அதற்கான காரணம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கருவிலிருக்கும் பிள்ளையின் உடலில் பாதி அடையாளங்கள் தகப்பனுடையவை. தாயின் உடல் அவற்றை அந்நியமென்று கண்டு எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கிவிடலாம். சில பெண்களுக்கு அவை பல ஆண்டுகள் கழிந்தும் இரத்தத்தில் தங்கியிருக்கும். மூன்று பிள்ளை பெற்ற மச்சாளின் இரத்தத்தில் என் தம்பியின் அடையாளங்களுக்கு எதிரான புரதங்கள் நிறைய இருந்தன. பிள்ளைகள் அந்த அடையாளங்களைச் சுமக்கிறார்கள். தம்பியின் கூடப்பிறந்தவளான நானும் அவற்றில் ஒரு பகுதியைச் சுமக்கிறேன். நான் சோதித்துப் பார்த்தபோதும் அதே எதிர்ப்புத்தான். அவளுக்காக உயிரையே தரத் தயாராக இருந்த குடும்பம், அவள் உடல் ஏற்க மறுத்த குடும்பமாகவும் இருந்தது.

அப்போதுதான் கனடா முழுவதற்குமான பரிமாற்றத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார்கள். கனேடியக் குருதிச் சேவை நடத்தும் இந்தத் திட்டத்தில், பொருந்தாத சோடிகள் எல்லாரும் பெயர் பதிகிறார்கள். கணினி அவர்களை ஒப்பிட்டுச் சங்கிலியாகக் கோக்கிறது. என் சிறுநீரகம் வேறொரு மாகாணத்தில் உள்ள ஒருவருக்குப் போகும். அவருக்காக முன்வந்தவரின் சிறுநீரகம் இன்னொருவருக்குப் போகும். அப்படிச் சுற்றி எங்கோ ஒரு கண்ணியிலிருந்து மச்சாளுக்கு ஒன்று வரும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

சங்கிலியில் சேர ஒருவர் போதும். மருமகள் தான்தான் என்று நின்றாள். "மாமி, அம்மா என்னுடையவா" என்று அழுதாள். நான் அவளிடம் உணர்ச்சியால் வாதாடவில்லை. அவளுடைய ஆபத்தும் என்னுடைய ஆபத்தும் ஒன்றல்ல என்பதைத்தான் சொன்னேன். ஒன்ராறியோவிலேயே செய்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் கொடுத்த பின் கருவுற்ற பெண்களில் நூற்றுக்குப் பதினொரு கர்ப்பங்களில் உயர் இரத்த அழுத்தமோ அதனோடு வரும் முன்சூல்வலிப்போ காணப்பட்டது. அதே அளவு ஆரோக்கியமான, கொடுக்காத பெண்களில் நூற்றுக்கு ஐந்து. பெரும்பாலான தாய்மாரும் பிள்ளைகளும் நலமாகவே இருந்தார்கள், ஆனாலும் இரண்டு மடங்கு என்பது இரண்டு மடங்குதான். பிள்ளை பெறும் காலம் எனக்கு முடிந்துவிட்டது. அவளுக்கு இனித்தான் தொடங்கும்.

இன்னொரு விஷயம் வயது. கொடுத்தவர்களில் வாழ்நாளில் சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பவர்கள் பத்தாயிரத்துக்கு 90 பேர் என்று 2014இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு மதிப்பிட்டது. பொதுமக்களில் அது 326. இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் கொடுப்பது நல்லதென்றே தோன்றும். ஆனால் கொடுப்பவர்கள் கடும் சோதனைகளில் தேறியவர்கள். அதே சோதனைகளில் தேறக்கூடிய, ஆனால் கொடுக்காதவர்களோடு ஒப்பிட வேண்டும். அவர்களில் 14 பேர்தான். அதாவது 14 என்பது 90 ஆகிறது. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், ஆனால் இல்லாத ஒன்றல்ல. அந்த மதிப்பீடும் பதினைந்து ஆண்டு வரையான கண்காணிப்பிலிருந்து நீட்டிக் கணித்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு இன்னும் அறுபது ஆண்டு இருக்கிறது. சலரோகமோ இரத்த அழுத்தமோ அவளுக்கு வருமா என்று இன்றைய சோதனை சொல்லாது. தகப்பனுக்கு ஏற்கனவே சலரோகம். ஐம்பதைத் தாண்டிய எனக்கு வரவேண்டியது ஓரளவு வந்தே காட்டியிருக்கும். வராததே எனக்குச் சாதகம். மருமகள் சம்மதித்தாள். எனக்கு அன்று வந்த நிம்மதி மச்சாளுக்குச் சிறுநீரகம் கிடைத்த நாளின் நிம்மதிக்குக் குறைந்ததல்ல.

சோதனைகள் மாதக்கணக்கில் நடந்தன. எனக்கென்று தனி வைத்தியர் குழு. மச்சாளைப் பார்க்கும் குழுவுக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஒரு சமூக சேவையாளர் என்னைத் தனியே இருத்தி, யாராவது வற்புறுத்துகிறார்களா, பணம் பேசப்பட்டதா என்று கேட்டார். கடைசி நிமிடத்தில் மனம் மாறினாலும் 'மருத்துவக் காரணத்தால் தகுதியில்லை' என்று மட்டுமே குடும்பத்துக்குச் சொல்வோம் என்றார். எங்கள் குடும்பங்களில் 'முடியாது' என்று சொல்லத் துணியாத பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த ஒரு வழி எவ்வளவு பெரிய காவல்!

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, "நீ ஏன் பிள்ளை உயிரோடை விளையாடுறாய்?" என்று தொலைபேசியில் கேட்டா. வறுமையில் சிறுநீரகத்தை விற்றவர்களைப் பற்றிய செய்திகளைத்தான் அவ பத்திரிகைகளில் வாசித்திருந்தா. விற்றவர்களைப் பிறகு யாரும் கூப்பிட்டுச் சோதிப்பதில்லை. என்னை ஆண்டுதோறும் கூப்பிடுவார்கள் என்று விளக்கினேன். அம்மாவின் பயம் போகவில்லை. ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

எங்களுக்கு அமைந்த முதல் சங்கிலி அறுந்தது. எங்கோ ஒரு நோயாளியின் கடைசிக் கலப்புச் சோதனையில் எதிர்ப்பு வந்ததால் எல்லாருக்கும் நின்றுபோனது. ஒரு கண்ணி விட்டால் முழுவதும் விடும். அதனால்தான் கூடுமானவரை எல்லாச் சத்திரசிகிச்சையையும் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். தன்னுடையவருக்குக் கிடைத்த பின் ஒருவர் பின்வாங்கினால் அந்தச் சங்கிலி நடுவில் நிற்கும் அல்லவா? இரண்டாவது சங்கிலி நிலைத்தது.

இடது பக்கத்தை எடுப்பதற்குக் காரணம், அதன் நாளம் வலப்பக்கத்தை விட நீளம். பெறுபவரின் உடலில் தைக்க வசதி. வயிற்றில் வாயு நிரப்பி, சிறு துளைகளால் கருவிகளை விட்டு, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அகல வெட்டொன்றால் வெளியே எடுத்தார்கள். இறப்பவர்களில் பலருக்குக் காரணம் உள்ளே நடக்கும் குருதிக் கசிவு. சிறுநீரகத்துக்கு வரும் தமனியை மூடிய இடம் விட்டுப்போனால் நிமிடங்களில் ஆபத்து. முதல் இரவு தாதி வந்து வந்து நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் பார்த்தது அதற்காகத்தான். நாடி ஏறி, அழுத்தம் இறங்கி, முகம் வெளிறினால் உடனே சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டு போவார்கள். எனக்கு வந்த கடும் வலி தோள்பட்டையில். உள்ளே தங்கிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது. இரண்டொரு நாளில் அது அடங்கியது. ஆறு வாரம் பாரம் தூக்கவில்லை. சோறு வடிக்கும் பானையைக் கூட மகன்தான் இறக்கினான். களைப்பு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இருந்தது. அதை யாரும் முன்கூட்டியே அழுத்திச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அது கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. கிரியேற்றினின் அளவு அதனால் முன்பை விட உயர்ந்தே நிற்கும். என் கதை தெரியாத வைத்தியர் பார்த்தால் நோயென்று பதறுவார். ஆண்டுக்கொருமுறை அதையும் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்க்கிறார்கள். கிரியேற்றினின் ஒரே இடத்தில் நிற்பது நல்லது. ஆண்டுக்காண்டு ஏறினாலோ புரதம் தென்பட்டாலோதான் கவலை. முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபன் எடுப்பதில்லை. அது சிறுநீரகத்துக்கு வரும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

மச்சாளுக்கு எங்கிருந்தோ வந்த சிறுநீரகம் சத்திரசிகிச்சை மேசையிலேயே நீர் சுரக்கத் தொடங்கியதாம். உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகம் பதினைந்து இருபது ஆண்டு உழைப்பது வழமை. அதற்கு மேலும் உழைப்பதுண்டு, ஐந்தாண்டில் கெடுவதும் உண்டு. எதிர்ப்பை அடக்கும் மாத்திரைகளை அவள் காலையும் மாலையும் தவறாமல் விழுங்க வேண்டும். ஒருநாள் மறுபடி டயலிசிஸ் வரலாம் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் அதை மறைத்துப் பேசுவதில்லை. போன மாதம் அவள் யாழ்ப்பாணம் போய், என் அம்மாவோடு இரண்டு கிழமை இருந்துவிட்டு வந்தாள். டயலிசிஸ் நாற்காலியை விட்டு நான்கு நாள் கூட விலக முடியாதிருந்தவள் அவள்.