"மாமா, எங்களுக்காக நிறுத்த வேண்டாம்"

குன்னூரில் முகூர்த்தம் 9 மணியிலிருந்து 10.30 வரை. கோபியிலிருந்து தாய்மாமன் வீட்டார் 22 பேர் வேனில் விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார்கள். ஏழு மணிக்கு மேட்டுப்பாளையம் தாண்டினால் போலீஸ் தடுப்பு. பர்லியாறு பக்கம் மண்சரிவு. எல்லா வண்டியும் கோத்தகிரி வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாதையிலோ ஏற்கெனவே நீண்ட வரிசை.

மாமன் உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: "ரோடு பிளாக். கொஞ்சம் லேட் ஆகும்."

வம்பே அந்தக் 'கொஞ்சம்'தான். கல்யாண வீட்டில் அதற்குக் கால் மணி நேரம் என்று அர்த்தம். தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர வேண்டும். ஆகவே காத்திருக்கலாம் என்று அங்கே முடிவாகிவிட்டது. குழுவில் ஆளாளுக்கு "எங்க இருக்கீங்க?" பெண்ணின் அப்பாவுடைய போனோ மனைவியின் கைப்பையில்.

மாமனின் மனைவி போனை வாங்கிக்கொண்டார். மலை ஏறிவிட்டால் வளைவுகளில் சிக்னல் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதனால் அடிவாரத்திலேயே வேனை ஓரங்கட்டச் சொன்னார். குழுவை விட்டுவிட்டு, பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணின் சித்தப்பாவுக்கு எழுதினார்:

"தம்பி, மாமாகிட்ட நேர்ல படிச்சுக் காட்டுங்க. மாமா, குன்னூர் ரோடு மூடிட்டாங்க, கோத்தகிரி சுத்தி வர்றோம். 22 பேரும் நல்லா இருக்கோம். 12 மணிக்கு முன்னால வர முடியாது. எங்களுக்காக முகூர்த்தத்தை நிறுத்த வேண்டாம். ஊட்டியிலிருந்து வந்திருக்கிற பெரியப்பா பையனும் புள்ளைக்கு மாமன் முறைதான், அவரையே மாலை போடச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் சம்மதம் சொல்லிட்டார். காலை டிபன் எடுத்து வைக்க வேண்டாம். கடைசிப் பந்தியில 22 இலை போதும். கோத்தகிரி போனதும் மறுபடி சொல்றோம்."

பத்துக்கே வந்துவிடலாம் என்று டிரைவர் சொல்லியிருந்தார். அதை எழுதியிருந்தால் 10.30 வரை கல்யாணம் நின்றிருக்கும். வழி முழுக்க வரிசை என்றால், தாமதமான கணக்கைச் சொல்வதுதான் வீட்டுக்காரருக்கு உதவி. மன்னிப்பு கேட்டு நாலு வரி எழுதவில்லை. அந்த நேரத்தில் அதைப் படிக்க யாருக்கு நேரம்?

மாலை விஷயம் மட்டும் எளிதாக முடியவில்லை. அந்த வரியை எழுதும் முன் மாமன் வெகுநேரம் பேசவே இல்லை. பெண் பிறந்த நாளிலிருந்து பேசி வந்த உரிமை அது. அந்த ஒரு வார்த்தையை அவர் விட்டுக்கொடுத்திராவிட்டால், "மச்சான் கோவிச்சுக்குவாரே" என்று பயந்து, அங்கே யாரும் மாலையைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள்.

கோத்தகிரியில் சிக்னல் வந்தபோது பதில் காத்திருந்தது: "9.40க்கு தாலி கட்டியாச்சு மாப்ளே. மெதுவா வாங்க."

வேன் மண்டபத்தை அடைந்தபோது 12.20. சமையல்காரர் அவர்களுக்கான சோற்றை 12 மணிக்குத்தான் உலையில் போட்டிருந்தார். இலை போடும் முன் பெண் ஓடி வந்து, "மாமா, உங்க மாலை?" என்று கேட்டாள். வேனிலேயே கொண்டு வந்திருந்த மாலை கொஞ்சம் வாடியிருந்தது. மாமன் அதையே போட்டார்.