போத்தலில் இரண்டு முகவரி

பள்ளுருத்தி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடைக்கு ஏஜென்ட் தருவதாகச் சொல்லும் தேங்காயெண்ணெய்ப் போத்தலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "உன் ஊர் பள்ளுருத்தி எண்ணெய், நீயே நேரில் பார்த்துச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். அந்த முகவரியில் செக்கும் இல்லை, கொப்பரைக் களமும் இல்லை. மாடியில் ஓர் அலுவலக அறைதான் இருக்கிறது. அதில் தப்பு எதுவும் இல்லை. லேபிளிலேயே உண்மை எழுதியிருக்கிறது, நீதான் கவனிக்கவில்லை.

படகும் தென்னை மரமும் போட்ட பக்கத்தை விடு. பின்பக்கம் பார். "மார்க்கெட்டட் பை" என்று பெரிய எழுத்தில் பள்ளுருத்தி முகவரி இருக்கிறது. அதற்குக் கீழே, மடிப்போடு ஒட்டிய இடத்தில், "மேனுஃபேக்சர்டு பை" என்று காங்கேயம் முகவரி. முதலாவது எண்ணெய்க்குப் பெயர் வைத்து விற்கிறவர், இரண்டாவது ஆட்டியவர். இரண்டு பேருக்கும் தனித்தனியாக எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருப்பதைக் கவனி.

அந்த 14 இலக்க எண்ணில் முதல் ஐந்து இலக்கத்தை மட்டும் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு மாநிலம்: கேரளத்துக்கு 13, தமிழ்நாட்டுக்கு 24. அங்கே 00 இருந்தால் மத்திய உரிமம், அதிலிருந்து மாநிலம் தெரியாது. அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. எண்ணெய் ஆட்டிய ஆண்டு என்று நினைத்துவிடாதே. உன் போத்தலில் ஓர் எண் 113 என்றும் மற்றொன்று 124 என்றும் தொடங்குகிறது. ஆக, நீ கேரளத்து எண்ணெய் என்று வாங்கப் போவது உன் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய ஆலையின் எண்ணெய்!

எண் உண்மையா என்று foscos.fssai.gov.in தளத்தில் போட்டுப் பார். நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, என்ன பொருளுக்கு வாங்கியது எல்லாம் வரும். அங்கே வரும் பெயரும் லேபிளில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "மேனுஃபேக்சர்டு பை" என்று எழுதியவரின் உரிமம் மொத்த வியாபாரத்துக்கு மட்டும் என்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்.

சில போத்தலில் மூன்று நான்கு ஆலை முகவரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். பேட்ச் எண்ணில் எந்த எழுத்து அச்சாகியிருக்கிறதோ அந்த ஆலையில் வந்த சரக்கு அது. பார்கோடு 890 என்று தொடங்குவதைக் காட்டி "இந்தியாவில் செய்தது" என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதே. அந்த எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

லேபிளால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. "பேக்டு பை" என்று மட்டும் இருந்தால், டேங்கர் லாரியில் வந்த எண்ணெயை நிரப்பியவரின் பெயரோடு கதை முடிந்துவிடும். ஆட்டியது யார் என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

2018-இல் இங்கே நடந்தது உனக்கு நினைவிருக்கும். கலப்படம் என்று மே மாதக் கடைசியில் 45 பிராண்டையும், டிசம்பரில் 74 பிராண்டையும் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்தது. கேராஃபெடின் 'கேரா' போலவே தோன்றும் பெயர்கள் எத்தனையோ சுற்றின. பெயரைத் தடை செய்தால் வேறு பெயரில் அதே எண்ணெய் வந்துவிடுகிறது என்றும் புகார் எழுந்தது. பெயர் ஒரு லேபிள் அச்சடிக்கிற செலவுதானே! அதனால்தான் நான் பிராண்டைப் பார்ப்பதில்லை, கீழே உள்ள ஆலையின் எண்ணைத்தான் பார்ப்பேன். புதுப் பெயரில் பழைய எண் வந்தால் தெரிந்துபோகும்.

காங்கேயம் எண்ணெய் என்றால் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆலைகள் அங்கே நிறைய இருக்கின்றன. கேரளம் என்ற பெயருக்காக ஏஜென்ட் கேட்கிற கூடுதல் விலையை மட்டும் கொடுக்காதே. சரக்கு எடுக்கும்போது பில்லை ஒருபோதும் விட்டுவிடாதே. யார் செய்தது, யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத கடைக்காரனையே சட்டம் பொறுப்பாக்குகிறது.

அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த 124 எண்ணை முழுதாக எழுதி எனக்கு அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா