"விளங்கல்ல சேர்" என்று சொன்ன பிறகு என்ன கேட்பது?

சா.த. வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிற நாங்கள் ஒரு நாளில் அதிகமாகக் கேட்கிற வசனம் "விளங்கல்ல சேர்" என்பதுதான். வகுப்பிலும் கேட்கிறோம், மஃரிபுக்குப் பிறகு வாட்ஸ்அப் வொய்ஸிலும் கேட்கிறோம். கூடவே ஒரு போட்டோ வரும். கொப்பியின் முழுப் பக்கம், அதில் அரைவாசி கைநிழல். எந்தக் கணக்கு என்றுகூட இருக்காது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்காமலே இருக்கிற பிள்ளைகளைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அந்த வசனத்தில் இருந்து எங்களுக்குத் தெரிய வருவது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை எங்கேயோ நின்றுவிட்டது. எங்கே என்று தெரியாவிட்டால் முதல் வரியில் இருந்து திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. பிள்ளை தனக்கு ஏற்கனவே தெரிந்த வரிகளை அலுப்போடு கேட்டுக்கொண்டிருக்கும். தெரியாத வரி வரும்போது அதையும் அதே வேகத்தில் சொல்லிக்கொண்டு போவோம், அதுதான் அந்த வரி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே. கடைசியில் "இப்ப விளங்கிட்டா?" என்றால் "ஓம் சேர்" என்று வரும். அந்த "ஓம்" எதற்கு என்று எங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

தரம் 10, 11 இல் வருகிற சமனிலியை வைத்தே சொல்கிறோம். பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடங்களில் அதுவும் ஒன்று.

5 − 2x ≥ 11 என்ற கணக்கை எடுங்கள். 5 ஐ வலது பக்கம் கொண்டு போனால் −2x ≥ 6. பிறகு இரண்டு பக்கத்தையும் −2 ஆல் வகுத்தால் x ≤ −3. கடைசி வரியில் ≥ என்பது ≤ ஆகத் திரும்பிவிட்டது. பலகையில் இரண்டு நிமிட வேலை.

ஒரு பையன் இந்தக் கணக்கில் x ≤ −3 என்று சரியாகவே விடை எழுதியிருந்தான். கொப்பியில் நடுவரி இல்லை, மனதிலேயே செய்திருக்கிறான். அடுத்த கணக்கு 3x + 5 ≥ 11. இதில் மறை எண்ணே கிடையாது, பலருக்கு இது லேசு. அவன் x ≤ 2 என்று எழுதியிருந்தான். பிழை. சரியான விடை x ≥ 2. கஷ்டமான கணக்கு சரி, லேசான கணக்கு பிழை. அவனுக்கே தலை சுற்றிவிட்டது. "சேர், சமனிலி ஒண்டும் விளங்கல்ல" என்று வந்தான்.

நாங்கள் சமனிலியை விளக்கப் போகவில்லை. "மகன், ரெண்டு கணக்கையும் ஒரு வரியும் விடாம எழுது. பலகையில இருக்கிற வரியோட உன்ட வரி எந்த இடத்தில மாறுது எண்டு பாத்து அத மட்டும் கேளு" என்று அனுப்பினோம். பத்து நிமிடத்தில் வந்தான். அவன் கேட்ட கேள்வி இது:

"சேர், 5 ஐ அந்தப் பக்கம் கொண்டு போகக்குள்ள குறி மாறும்தானே. அதனால நான் அந்த வரியிலயே ≥ ஐ ≤ ஆக்கிட்டேன். நீங்க அந்த வரியில மாத்தல்ல, −2 ஆல வகுக்கக்குள்ளதான் மாத்தினீங்க. ஆனா ரெண்டு பேருக்கும் x ≤ −3 தான் வருது. எது சரி?"

இப்போது எல்லாம் வெளிச்சம். குழப்பம் கணிதத்தில்கூட இல்லை, எங்கள் பேச்சில் இருக்கிறது. "பக்கம் மாத்தினா குறி மாறும்" என்று தரம் 8 இல் இருந்தே சொல்லி வருகிறோம். அங்கே குறி என்பது சக, சய. +5 பக்கம் மாறினால் −5 ஆகும். பிறகு சமனிலி வந்ததும் "மறை எண்ணால வகுத்தா குறி மாறும்" என்கிறோம். இங்கே குறி என்பது ≥, ≤. இரண்டுக்கும் ஒரே சொல். பையன் இரண்டையும் ஒன்றாக்கி, பக்கம் மாற்றும்போதே சமனிலிக் குறியைத் திருப்பிவிட்டான். வகுக்கும்போது திரும்பத் திருப்பவில்லை. முதல் கணக்கில் ஒரு தடவை திரும்ப வேண்டும், அவனும் ஒரு தடவை திருப்பினான், இடம் மட்டும் பிழை. அதனால் விடை சரியாகவே வந்தது. இரண்டாவது கணக்கில் திரும்பவே கூடாது, அங்கேயும் பழக்கத்தில் திருப்பிவிட்டான்.

இந்தப் பையனுக்கு அந்தக் கேள்வி இல்லாமல் நாங்கள் அத்தியாயத்தை முழுதாகச் சொல்லியிருந்தாலும், "குறி மாறும்" என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவனுடைய பிழை இன்னும் இறுகியிருக்கும்.

பதிலுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. 2 ஐயும் 5 ஐயும் எழுதச் சொன்னோம். 2 < 5. இரண்டில் இருந்தும் 5 ஐக் கழித்தால் −3, 0. இப்போதும் இடது பக்கம்தான் சிறியது. எண்கோட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே தூரம் நகர்ந்திருக்கிறார்கள், முன்னுக்குப் பின் மாறவில்லை. பக்கம் மாற்றுவது என்பதும் இதுதான், இரண்டு பக்கத்திலும் ஒன்றையே கூட்டுவது அல்லது கழிப்பது. அதில் சமனிலிக் குறிக்கு வேலையே இல்லை. ஆனால் 2 ஐயும் 5 ஐயும் −1 ஆல் பெருக்கினால் −2, −5. இப்போது இடது பக்கம் பெரியதாகிவிட்டது. பூச்சியத்துக்கு அந்தப் பக்கம் வரிசை தலைகீழ். மறை எண்ணால் வகுத்தாலும் அதுவேதான்.

அப்போதும் அவன் முகம் முழுதாகத் தெளியவில்லை. அடுத்த கேள்வி இன்னும் நல்லது. "மறை எண்ணால வகுக்காமலே இந்தக் கணக்கைச் செய்ய ஏலுமா சேர்? செஞ்சாலும் இதே விடை வருமா?" ஏலும். 5 − 2x ≥ 11 இல் 2x ஐ வலது பக்கம் கொண்டு போனால் 5 ≥ 11 + 2x. 11 ஐ இங்கே எடுத்தால் −6 ≥ 2x. நேர் எண்ணான 2 ஆல் வகுத்தால் −3 ≥ x. குறி ஒரு தடவையும் திரும்பவில்லை. −3 ≥ x என்பதும் x ≤ −3 என்பதும் ஒன்றே. திருப்பும் விதி எங்கிருந்து வந்தது என்பதை அவனே கையால் செய்து பார்த்துக்கொண்டான். இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்டால் எங்களுக்கு வேலை பாதியாகிவிடும்.

அதே நாள், அதே பக்கத்தில், ஒரு பிள்ளைக்கு வேறு குழப்பம். 3x + 11 ≥ 5 என்ற கணக்கில் 3x ≥ −6 வரை சரி. அடுத்த வரியில் x ≤ −2 என்று எழுதியிருந்தா. "வலது பக்கம் மறை எண் இருக்கு, அதால குறியத் திருப்பினேன், சரிதானே மிஸ்" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறா. மறை எண்ணை எங்கே கண்டாலும் திருப்புவது. வகுக்கப்படுவது மறையா என்று பார்க்கக் கூடாது, எதால் வகுக்கிறோமோ அது மறையா என்றுதான் பார்க்க வேண்டும். அவவுக்கு அந்த ஒரு வசனம் போதும். பையனுக்குச் சொன்னதை அவவுக்குச் சொல்லியிருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. இரண்டு பேரும் முதலில் சொன்னது "விளங்கல்ல" என்ற ஒரே சொல்தான்.

ஆக, ஒரு நல்ல கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எந்த வரி வரைக்கும் எனக்குச் சரி, எந்த வரியில் பிரிகிறேன், அந்த இடத்தில் நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன். அந்தக் கடைசித் துண்டைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள், பிழையான காரணத்தைச் சொல்ல வெட்கம். எங்களுக்கு அதுதான் மிகவும் தேவை. பையன் "பக்கம் மாத்தினா குறி மாறும்தானே" என்று சொல்லியிராவிட்டால் நாங்கள் அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கணக்குச் செய்விக்க வேண்டியிருந்திருக்கும்.

வரியைக் காட்டவே முடியாத நேரமும் உண்டு. பலகையைப் பார்த்தால் எல்லாம் விளங்குகிற மாதிரி இருக்கும், தனியாக இருந்தால் வராது. அப்போது விடையை மூடிவிட்டுத் தானே செய்ய வேண்டும். பேனை நிற்கிற இடம்தான் கேள்வி. சில நேரம் அது சமனிலியில் நிற்காது, 6 ஐ −2 ஆல் வகுக்கிற இடத்தில் நிற்கும். அது சின்ன வகுப்பில் படித்த திசைகொண்ட எண்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை அதைக் கேட்க நூறு தடவை யோசிக்கும். "இதுகூடத் தெரியாதா" என்று சில ஆசிரியர்கள் கேட்பதும் உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் "6 ÷ −2 ஏன் −3?" என்று நேரே கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற விசயம், கேட்காமல் விட்டால் பரீட்சை வரை ஒவ்வொரு கணக்கிலும் வந்து நிற்கும்.

பெரிய டியூசன் வகுப்புகளில் கையை உயர்த்திக் கேட்க முடியாது என்கிறார்கள். விளங்குகிறது. ஒரு துண்டுக் கடதாசியில் கணக்கையும், நின்ற வரியையும், தான் எழுதிய வரியையும் எழுதி வகுப்பு முடிந்ததும் சேரின் கையில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் முழுப் பக்கம் வேண்டாம், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு எடுங்கள்.

பதில் கிடைத்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. "விளங்கிட்டு சேர்" என்று சொல்வதற்குப் பதிலாக வேறு எண்களில் ஒன்றைச் செய்து காட்டிக் கேளுங்கள்: "அப்ப 7 − 3x < 1 எண்டா, −3x < −6 இல திருப்பாம, அடுத்த வரியில x > 2 எண்டு திருப்பினாச் சரியா?" சரி. வேண்டுமென்றால் x இற்கு 3 ஐப் போட்டுப் பார்க்கலாம், 7 − 9 = −2, அது 1 ஐவிடச் சிறியது. 0 ஐப் போட்டால் 7, அது சிறியதல்ல. பையன் இரண்டாவது கணக்கில் எழுதிய x ≤ 2 இற்கும் இப்படி 0 ஐப் போட்டிருந்தால் 5 ≥ 11 என்று வந்து, எங்களிடம் வர முன்னமே அவனுக்குத் தெரிந்திருக்கும்.

உம்மா வாப்பாமாருக்கும் ஒன்று. "எங்களுக்குக் கணக்குத் தெரியாது, நாங்க எப்படி உதவுற" என்று கேட்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு உம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தினவ. மகள் கொப்பியோடு முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தால் "விளங்கினதா?" என்று கேட்க மாட்டா. "எந்த வரியில நிக்கிறாய், விரல வெச்சுக் காட்டு" என்பா. மகள் விரலை வைப்பா. "அதுக்கு மேல உள்ள வரி எப்படி வந்த எண்டு எனக்குச் சொல்லு" என்பா. பாதி நாள் அதைச் சொல்லிக்கொண்டு இருக்கும்போதே மகள் "ஆ, சரி சரி" என்று எழுதத் தொடங்கிவிடுவா. மற்றப் பாதி நாள் அந்த வரிக்கு நேரே ஒரு பென்சில் புள்ளியோடு கொப்பி எங்களிடம் வரும்.