நாற்பத்து மூன்றாவது அட்டை

எங்கள் தலைமையாசிரியரைப் பள்ளியில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெரிய சார் என்றால் சங்ககிரி முழுக்கத் தெரியும். அவருடைய பிறந்தநாள் மட்டும் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது தெரியவந்தது பத்தாம் வகுப்பில், எண்பதுகளின் பின்பாதியில், ஒரு ஜூலை மாதம்.

அரசுத் தேர்வுக்குப் போகும் பெயர்ப் பட்டியலை அவர் எழுத்தரிடம் விட்டுவிட மாட்டார். சேர்க்கைப் பதிவேட்டை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் வாசிக்கச் சொல்வார். "எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துல ஏறிட்டா அப்புறம் அதுதான்டா உன் தேதி. வேலைக்குப் போனாலும் அதுதான், லைசென்ஸ் எடுத்தாலும் அதுதான்."

வாசிக்க வாசிக்க வகுப்பில் சிரிப்பு கிளம்பியது. நாற்பத்து மூன்று பேரில் பாதிக்கு மேல் மே, ஜூனில் பிறந்தவர்கள். எனக்கு ஜூன் 1. பக்கத்தில் இருந்தவனுக்கும் ஜூன் 1. "எங்கம்மா தேர் நோம்பி அன்னிக்குப் பொறந்தேன்னு சொல்லுதுங்க சார்" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. மலைமேல் இருக்கும் சென்னகேசவப் பெருமாள் ஊருக்குள் இறங்கிவரும் சித்திரைத் தேர் அது. அவளுக்கும் ஏட்டில் ஜூன்தான்.

பெரிய சார் பேனாவை மூடி வைத்தார். அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பிள்ளையைக் கூட்டி வருவார்கள். பிறப்புச் சான்று கிடையாது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் வாத்தியார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது. அன்றைக்கு ஐந்து முடிந்ததாகக் கணக்கு வரும்படி ஒரு தேதி போடுவார். "என்னுதும் அப்படித்தான். ஜூன் ஒண்ணு. ஆனா ஆடிப் பதினெட்டு அன்னிக்குப் பொறந்தேன்னு எங்க ஆத்தா சொல்லும்" என்றார்.

அந்த ஜூன் 1-க்கு ஒரு கணக்கு உண்டு என்பது எங்களுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அரசு ஊழியர் எந்தத் தேதியில் பிறந்திருந்தாலும் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுவார். முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே வெளியே வந்துவிட வேண்டும். அவருக்கு அடுத்த மே 31 கடைசி. ஏட்டுப்படி பிறந்தநாள் விடியும்போது அவர் தலைமையாசிரியராக இருக்கமாட்டார். ஆத்தா சொன்ன நாள் ஏட்டில் ஏறியிருந்தால் ஆகஸ்டுக் கடைசிவரை, இன்னும் மூன்று மாதம் இருந்திருப்பார். காதைத் தொட வைத்த வாத்தியார் எழுதிய ஒரு வரியில் அந்த மூன்று மாதமும் போயிற்று.

ஆக, வாழ்த்துச் சொல்ல எங்களுக்கு இருந்தது வரப்போகும் ஆடிப் பதினெட்டு ஒன்றுதான்.

எங்கள் ஊருக்கு அந்த நாள் சும்மா பெருக்கு நோம்பி மட்டுமில்லை. தீரன் சின்னமலையைக் கம்பெனிக்காரர்கள் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்ட நாள். புத்தகத்தில் 1805 ஜூலை 31 என்று இருக்கும். நாங்கள் நினைவுகூர்வதோ ஆடி 18-இல், அது ஆகஸ்டு 2 அல்லது 3-இல் வரும். எது சரி என்று ஒருவன் கேட்டதற்குக் கணக்கு வாத்தியாரான பெரிய சார் கரும்பலகையிலேயே விடை போட்டார். நம் பஞ்சாங்க வருஷம் ஆங்கில வருஷத்தைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். 72 வருஷத்தில் அது 1,440 நிமிடம், அதாவது ஒரு முழு நாள். 1805-இலிருந்து அன்றுவரை இரண்டரை நாள் நகர்ந்திருந்தது. "ரெண்டும் சரிடா. நாள் ஒண்ணுதான், நகர்ந்து போயிருச்சு."

அந்தக் காலத்தில் சங்ககிரியில் வாழ்த்து அட்டை என்றால் பொங்கல் வாழ்த்துதான். பிறந்தநாளுக்கென்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். எனவே அஞ்சலட்டை என்று முடிவாயிற்று. ஒன்று 15 பைசா, நாற்பத்து மூன்றுக்கு ஆறு ரூபாய் நாற்பத்தைந்து பைசா. வகுப்புத் தலைவன் மொத்தமாக வாங்கிவந்தான்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல். தலைமையாசிரியருக்கு நாங்கள் அறிந்த ஒரே கடிதம் விடுப்பு விண்ணப்பம். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கிய கை, பழக்கதோஷத்தில் எனக்கு உடல்நிலை என்று இழுத்துக்கொண்டு போனது. ஒருவன் அடித்துவிட்டு மீதி இடத்தில் பிறந்தநாள் வாழ்த்து எழுதினான். இன்னொரு அட்டை வாங்கக் காசில்லை. பாதிப் பேர் முன்னால் இருந்தவனைப் பார்த்து எழுதியதால் அவன் விட்ட பிழை பின்வரிசை வரைக்கும் போனது.

நாற்பத்து இரண்டு அட்டைதான் ஆனது. கடைசி வரிசை நண்பன் ஒருவன் மூன்று வாரமாக வரவில்லை. லாரியில் கிளீனராகப் போய்விட்டான் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் அது புதிதல்ல. பட்டறைகளும் லாரி ஆபீசுகளும் நிறைந்த ஊரில், அரும்பு மீசையோடு வண்டி ஏறிய பையன் நாக்பூர், இந்தூர் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவான். வகுப்பு முழுக்க வாழ்த்தியதாக இருக்க வேண்டுமே என்று அவன் பெயரில் நானே ஓர் அட்டை எழுதினேன். கையெழுத்து மாறட்டும் என்று எழுத்துகளைச் சாய்த்து எழுதினேன்.

நோம்பிக்கு முதல் நாள் எல்லாம் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. நோம்பி முடிந்து பள்ளிக்கு வந்தவர் வகுப்பில் வாழ்த்துக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. கட்டைப் பிரித்து ஒரே ஓர் அட்டையை எடுத்தார்.

"இது அவன் எழுத்து இல்லையே. அவன் எங்கே?"

பதில் இல்லை. சாய்ந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பட்டறைத் தெருவில் அவன் அப்பாவைத் தேடி அவரே சைக்கிளில் போனதைப் பிறகு கேள்விப்பட்டோம். பெயர்ப் பட்டியலில் அவன் பெயரை எடுக்காமல் வைத்திருந்தார். இருபது நாள் கழித்து, டீசல் கறை போகாத கையோடு அவன் வகுப்பு வாசலில் நின்றான்.

பெரிய சார் சட்டைப் பையிலிருந்து எழுதாத அஞ்சலட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். "உன்னுது இன்னும் எனக்கு வரலடா." அவன் அங்கேயே நின்றபடி, சுவரில் வைத்து, ஒரு வரி எழுதிக் கொடுத்தான். அதிலும் பிழை இருந்தது. அவர் திருத்தவில்லை.

ஆசிரியர் தினம் 1962-இல் தொடங்கியது, பிறந்தநாள் கொண்டாட வந்த மாணவர்களிடம் அதை ஆசிரியர்கள் எல்லாருக்குமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ராதாகிருஷ்ணன் சொன்னதால் என்று படித்திருக்கிறோம். அவர் பிறந்ததாக ஏட்டில் உள்ளது 1888 செப்டம்பர் 5. மகன் சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் 1887 செப்டம்பர் 20 என்ற இன்னொரு தேதியும் வருகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பெரிய சாரின் பேனா மூடிய சத்தம் கேட்டது.

கிளீனராகப் போனவன் இப்போது சொந்தமாக லாரி வைத்திருக்கிறான். ஜூன் 1 அன்று எங்களில் பாதிப் பேருக்குப் பாதிப் பேர் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிச் சிரித்துக்கொள்வோம். ஆடிப் பதினெட்டு அன்று அவன் மட்டும் கூப்பிடுவான். யாருடைய பிறந்தநாள் என்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை.