நஷ்டம் சொன்ன லாட் கணக்கு

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். வாக்குக் கணிப்புகளை நம்பி முந்தின நாள் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்த நிஃப்டி, அன்று ஏறத்தாழ ஆறு சதவீதம் விழுந்தது. ஆஸ்டின் டவுனில் என் வீட்டு வரவேற்பறையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். காலையில் நான்கு லாட் கால் ஆப்ஷன், அதாவது 100 எண்ணிக்கை, 300 ரூபாய்க்கு வாங்கி 180-க்கு விற்றேன். போனது 12,000. அதோடு போனைக் கீழே வைத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

அடுத்து நான் போட்ட கணக்கு இதுதான். அதே 100 எண்ணிக்கையில் 12,000-ஐ எடுக்க பிரீமியம் 120 ரூபாய் ஏற வேண்டும். 300 எடுத்தால் 40 ரூபாய் போதும். உடனே 300 என்று தட்டினேன். சந்தை எங்கே போகும் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை. எவ்வளவு வாங்குவது என்பதை என் நஷ்டம் முடிவு செய்தது. பழிவாங்கும் டிரேடைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான அடையாளம் எனக்குத் தெரியாது.

விழுந்துகொண்டிருக்கிறதே என்று புட் வாங்கினேன், 410 ரூபாய்க்கு. பீதி உச்சத்தில் இருக்கும்போது ஆப்ஷன் விலையிலும் பீதி ஏறியிருக்கும். அது தணிந்தால் பிரீமியம் வேகமாகக் கரையும். 21,281 வரை இறங்கிய நிஃப்டி 21,884-க்கு மீண்டது. 250-க்கு வெளியே வந்தேன். இன்னொரு 48,000.

"என்னங்க, சாப்பிட வரலையா?" என்று மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அதுவும் நஷ்டக் கணக்குதான்.

இப்படி ஏன் ஆகிறது என்பதை உளவியலாளர்கள் கானமனும் டிவெர்ஸ்கியும் 1979-லேயே விளக்கிவிட்டார்கள். லாபத்தில் இருக்கும்போது பத்திரத்தைத் தேடும் மனிதன், நஷ்டத்தில் இருக்கும்போது சூதாடத் துணிகிறான். விட்டதை எடுத்துவிட்டால் நஷ்டமே நடக்கவில்லை என்று மனசு நம்புகிறது. அந்த நேரத்தில் மன உறுதியை நம்பிப் பயனில்லை.

அதனால் தடைகளை முன்கூட்டியே வைத்தேன். லாட் எண்ணிக்கையைச் சந்தை திறக்கும் 9.15-க்கு முன்பே தாளில் எழுதிவிடுவேன். அன்று முழுக்க அது மாறாது. ஒரு நாள் நஷ்ட வரம்பைத் தொட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு கில் ஸ்விட்ச். செரோதாவில் அதைப் போட்டால் பன்னிரண்டு மணி நேரம் எஃப் அண்ட் ஓ பிரிவைத் திறக்க முடியாது. டிரேடிங் கணக்கில் குறைந்த பணமே வைப்பேன். ஆனால் யுபிஐ ஒரு நிமிடத்தில் அந்தத் தடையை உடைத்துவிடும் என்பதால், சேமிப்பு இருக்கும் வங்கிக் கணக்கின் செயலி இப்போது மனைவியின் போனில்.

தொடர்ந்து நஷ்டம் கண்டவர்களிலும் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் எஃப் அண்ட் ஓ-வை விடவில்லை என்று செபி 2024 செப்டம்பரில் சொன்னது. அடுத்த ஆர்டரைத் தட்டும் முன் அதன் லாட் எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இழந்த தொகையை வகுத்து வந்ததென்றால் போனை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.