அம்மாயியின் பிளேட்டு

எல்கடுவயில் ஒரு லயத்து வீட்டில் பழைய பிளேட்டு ஒன்று இருக்கு என்று கேள்விப்பட்டு நாங்க மூணு பேரும் போனோம். "எங்கம்மா கல்யாணத்தப்ப, முப்பத்தெட்டுல, இந்தியாவிலருந்து கொண்டாந்தது" என்றார் அம்மாயி. 1949இல் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தவர்களிடம் நீண்டகால வதிவுக்கு ஆதாரம் கேட்டார்கள். மணமானவர் என்றால் 1939 தொடக்கத்திலிருந்து இங்கே இருந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்திடம் கடதாசி இருக்கவில்லை. அதனால் அம்மாயிக்கு இந்தப் பிளேட்டுத்தான் சாட்சி.

முதலில் துடைத்தோம். ஸ்பிரிட் தொடவே கூடாது. இந்த 78 பிளேட்டுகள் அரக்கில் செய்தவை, ஸ்பிரிட்டில் அரக்கு கரைந்துவிடும். மெல்லிய பிரஷ், லேசாக ஈரமான துணி, அவ்வளவுதான்.

லேபிளில் 'சகுந்தலை' என்று படத்தின் பெயர் இருந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த அந்தப் படம் வெளிவந்தது 1940இல். முப்பத்தெட்டுக் கதை அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவில் உள்ள வழுவழுப்பான இடத்தைப் பார்த்தோம். அங்கே பொறித்திருப்பதுதான் மேட்ரிக்ஸ் எண். அது பாட்டைப் பதிவு செய்தபோது கொடுத்தது. பல வருஷம் கழித்து மறுபடி அச்சடித்தாலும் அதே எண்தான் இருக்கும். எச்.எம்.வி. தட்டு என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணமோ சதுரமோ இருக்கலாம். முக்கோணம் 1925இல் வந்த மின்பதிவு முறையைக் குறிக்கும், சதுரம் 1931இல் வந்த அடுத்த முறையை. இதெல்லாம் பதிவின் வயசு, கையில் இருக்கும் தட்டின் வயசு இல்லை.

தட்டின் வயசுக்கு மறுபடி லேபிளுக்கே வந்தோம். ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரில் 'ஆஃப் இந்தியா' என்று சேர்ந்திருந்தது. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையை நடத்திய கம்பெனி இந்தியக் கம்பெனியாகப் பதிவானது 1946இல். அப்படியென்றால் இந்தத் தட்டை அதற்கு முன்னால் அச்சடித்திருக்க முடியாது.

ஆனால் 1946இல்தான் அச்சடித்தார்கள் என்றும் சொல்ல முடியாது. இந்த அடையாளங்கள் எல்லாம் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு பின்னால் என்று சொல்லாது. பழைய லேபிள் மிச்சம் இருந்தால் அதையும் ஒட்டித் தீர்த்திருப்பார்கள். நிறைய பேர் பிழை விடுவது இங்கேதான். படத்தின் வருஷத்தைப் பார்த்துவிட்டு அதையே தட்டின் வருஷமாக எழுதிவிடுவார்கள்.

சொல்வதா வேண்டாமா என்று நாங்க வாசலில் நின்று யோசித்தோம். பிறகு சொன்னோம். அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்ப எங்கப்பா இங்கேயே வாங்கியிருப்பாரு" என்றார். "அம்மா வந்தது முப்பத்தெட்டுலதான், தம்பி. அது பிளேட்டுல எழுதியிருக்காது."

அது சரிதான். பிளேட்டு தன் வயசைத்தான் சொன்னது. அவருடைய அம்மா எப்போது வந்தார் என்று அதனிடம் கேட்க முடியாது. எங்கள் கொப்பியில் 'பதிவு ஏறக்குறைய 1940, அச்சு 1946 அல்லது பின்' என்று எழுதினோம். அதற்குக் கீழே, அம்மாயி சொன்னதையும் அப்படியே எழுதி வைத்தோம்.