பழைய மண்டபம் சாயவில்லை, எங்கள் போன்தான் சாய்ந்தது



எங்கள் பாடசாலையின் பழைய மண்டபம் கடந்த விடுமுறையில் இடிக்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். புதிய கட்டடத்தின் வாசலில் அதன் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டுவோம் என்று முடிவெடுத்தோம். தேடிப் பார்த்ததில் முன்பக்கம் முழுவதும் விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பழைய மாணவர் ஒருவர் கேற்றடியில் நின்று போனில் எடுத்தது. மாதிரிக்கு ஒரு பிரதி அச்சடித்து வைத்திருந்தோம். மேசன் வேலை செய்யும் காக்கா ஒருவர் வந்து பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கிப் போனது.

"சேர், இது என்ன, மண்டபம் பின்னால விழப் போற மாதிரி இருக்கு? எண்ட வாப்பா தூக்குக்குண்டு புடிச்சுக் கட்டின தூண் இதெல்லாம்."

அவர் சொன்னது சரி. தூண்கள் ஆறும் மேலே போகப் போக ஒன்றை ஒன்று நெருங்கின. இடது ஓரத்தில் தெரிந்த கடலும் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. கட்டடம் இனி இல்லை, திரும்ப எடுக்க வழியில்லை. இருக்கிற படத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். அதில் நாங்கள் விட்ட பிழைகளையும் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

முதல் பிழை உடனேயே நடந்தது. எங்கள் மாணவன் ஒருவன் படத்தைச் சுழற்றி வலது ஓரத் தூணை நேராக நிறுத்தினான். அந்தத் தூண் நிமிர்ந்தது. ஆனால் இடது ஓரத் தூண் முன்னரைவிட இரட்டிப்பாகச் சாய்ந்தது, கடலும் இன்னும் சரிந்தது. ஏனென்றால் படத்தில் இருந்தது ஒரு குறை அல்ல, இரண்டு.

போனைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் படம் முழுவதும் ஒரே அளவில் ஒரே பக்கம் சரியும். இதற்கு மருந்து சுழற்றுவது. போனின் முகத்தை மேல்நோக்கி அண்ணாத்திப் பிடித்தால் நடப்பது வேறு. கட்டடத்தின் அடி கிட்டவும் உச்சி தூரவும் ஆகிவிடுகிறது. தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும். அதனால் இடது தூணின் தலை வலப்பக்கமும் வலது தூணின் தலை இடப்பக்கமும் சாய்கின்றன. இதைச் சுழற்றித் தீர்க்க முடியாது. படத்தின் மேல்பக்கத்தை விரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

எதை முதலில் செய்வது? சுழற்றுவதைத்தான். அதற்கு நம்பத்தக்க ஒரு கோடு வேண்டும். திறந்த கடல் வானத்தைத் தொடும் கோடு மிக நல்லது. போனை எவ்வளவு அண்ணாத்தினாலும், பக்கவாட்டில் சரிக்காத வரை அந்தக் கோடு மட்டமாகவே இருக்கும். ஆனால் கரையோரத்தை அந்தக் கோடு என்று எண்ணிவிடக் கூடாது. வளைந்து தூரம் போகும் கரை படத்தில் சரிவாகத்தான் தெரியும், தெரியவும் வேண்டும். கட்டடத்தை நேர் முன்னே நில்லாமல் ஒரு பக்கமாக நின்று எடுத்திருந்தால் கூரையின் கோடும் அப்படித்தான்.

எங்கள் படத்தில் கடல் ஒரு விரலளவுதான் தெரிந்தது. அவ்வளவு குறுகிய கோட்டை மட்டும் நம்பினால் சிறிது பிசகலாம். ஆகவே இன்னொன்றையும் பார்த்தோம். படம் மண்டபத்தின் நேர் முன்னே, நடுவில் நின்று எடுக்கப்பட்டது. அப்படியானால் நடு வாசலின் நடுக்கோடு செங்குத்தாக இருக்க வேண்டும். இரு ஓரத் தூண்களும் எதிரெதிராக ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். 2 பாகை சுழற்றியபோது கடலும் வாசலும் தூண்களும் ஒத்து வந்தன.

நாங்கள் பாவித்தது Snapseed. அதில் Rotate என்ற கருவி சுழற்றியவுடன் ஓரங்களைத் தானாக வெட்டிவிடும். 2 பாகைதானே என்று நினைக்க வேண்டாம். சாதாரண போன் படத்தில் அதுவே பரப்பில் நூற்றுக்கு ஒன்பது பங்களவு வெட்டிவிடும். எங்கள் படத்தின் வலது கீழ் மூலையில் வேம்பின் கீழிருந்த சீமெந்து வாங்கு இருக்கிறது. இடைவேளைக்கு அதில் குந்தாதவர் ஊரில் யார்? அதன் பாதி வெட்டுப்பட்டுப் போனது.

ஆகவே முதல் படத்துக்குத் திரும்பி, Perspective என்ற கருவிக்குள்ளேயே எல்லாம் செய்தோம். அதில் Rotate வைத்துச் சுழற்றினோம். பிறகு Tilt வைத்து விரலை மேலும் கீழும் இழுத்து, தூண்கள் நிமிரும் வரை பார்த்தோம். இந்தக் கருவி வெட்டாது, வெறுமையாகும் மூலைகளை நிரப்பும். அங்கேதான் இரண்டாவது பிழை. அது Smart என்ற நிலையில் இருந்தால் பக்கத்தில் உள்ளதைப் பார்த்துத் தானே ஏதோ ஒன்றை வரைந்துவிடும். எங்கள் வாங்குக்குப் பக்கத்தில் இல்லாத இன்னொரு அரை வாங்கு முளைத்திருந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் பொய். அதை White என்று மாற்றினோம். மூலைகளில் வெள்ளை முக்கோணங்கள் வந்தன. அவை சட்டத்தின் உள் அட்டைக்குள் மறைந்துவிடும்.

தூண்களை முற்றாக நிமிர்த்தியபோது மண்டபம் மேலே அகன்று, முன்னால் கவிழ்வது போலத் தெரிந்தது. அண்ணாந்து பார்க்கும் கட்டடம் சற்று ஒடுங்கித் தெரிவது கண்ணுக்குப் பழக்கம். ஆகவே பத்தில் ஒரு பங்கு சாய்வை விட்டுவைத்தோம். வெள்ளை முக்கோணங்களும் சிறிதாகின.

இன்னொன்றும் காக்காவின் கண்ணில்தான் பட்டது. "இப்ப நேரா நிக்குது சேர், ஆனா கட்டையாப் பெய்த்து." நிமிர்த்தும்போது உயரம் குறைந்து தெரியலாம். கண்மதிப்பில் இழுக்காமல் அளவொன்று தேடினோம். பழைய வாசல் கதவு களஞ்சிய அறையில் இருந்தது. அளந்தோம்: உயரம் 7 அடி, அகலம் 4 அடி. அகலத்தைப் போல 1.75 மடங்கு உயரம். படத்தில் அது 1.6 மடங்குதான் இருந்தது. அதே கருவியின் Scale மூலம் உயரத்தை மட்டும் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூட்டினோம். கதவு சரியானது, மண்டபமும் சரியானது.

தீராத குறையும் உண்டு. விரித்த மேல்பகுதி சற்று மங்கியது. முகப்பில் பாடசாலையின் பெயர் கிட்டப் போய்ப் பார்த்தால் கூராக இல்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதி என்பதால் இன்னும் மோசம். எடுத்தவரிடம் மூலப் படத்தை Document ஆக அனுப்பக் கேட்டு, அதில் எல்லாவற்றையும் மீண்டும் செய்தோம். அப்போது பெயர் வாசிக்கும் அளவுக்கு வந்தது.

எங்கள் பள்ளிவாசலின் பழைய வுழூச் செய்யும் இடமும் மினாராவும் அடுத்து உடைபட இருக்கின்றன. படம் எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். போனின் கமராவில் Grid கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்ட நின்று அண்ணாத்தாமல், பாதையின் மறுபக்கம் வரை பின்னால் போங்கள். போனைச் சுவர் போல நேராகப் பிடியுங்கள். கீழே தரை அதிகம் விழும், பரவாயில்லை, அதைப் பிறகு வெட்டலாம். உச்சி விழாவிட்டால் அண்ணாத்தித்தான் எடுக்க வேண்டும், ஆனால் நான்கு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். மினாரா இயற்கையாகவே மேலே ஒடுங்குவது. அதன் ஓரத்தை நிமிர்த்த முயல வேண்டாம், நடுக்கோட்டைப் பாருங்கள்.

மண்டபத்தின் படம் வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மாட்டப்படும், இன்ஷா அல்லாஹ். வாங்கு முழுதாக இருக்கிறது. வந்து பாருங்கள்.